சீலிங்கில் திரும்பத் திரும்ப வந்த மஞ்சள் வளையம்

எங்கள் வீடு தாம்பரம் பக்கம். 1996இல் அப்பா கட்டியது. மாடி படுக்கையறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதன் கிழக்கு மூலையில், மொட்டை மாடியின் மழைநீர்க் குழாய் இறங்கும் இடத்துக்கு நேர் கீழே, சீலிங்கில் ஒரு கறை உண்டு. பல வருடங்களாகத் தட்டு அளவில்தான் இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது அது மூன்றடி நீளம், இரண்டடி அகலத்துக்குப் பரவியது. நடுவில் பெயின்ட் கொப்பளித்துத் தொங்கியது.

பொங்கலுக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது அந்த மூலையையும் சேர்த்து அடித்தோம். தொங்கியதைச் சுரண்டி, மேலே பட்டி பார்த்து, தண்ணீர் கலக்கும் பிரைமர் ஒரு கோட், எமல்ஷன் இரண்டு கோட். சாயங்காலம் பார்த்தபோது பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. மறுநாள் காலையில் அதே இடத்தில், அதே உருவத்தில், வெளிறிய டீக்கறை மாதிரி வளையம் தெரிந்தது. இன்னொரு கோட் அடித்தோம். அதிலும் வந்தது. பிப்ரவரி கடைசியில் பட்டியோடு சேர்ந்து உரிய ஆரம்பித்தது. இத்தனைக்கும் பொங்கலுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளும்படி மழை இல்லை.

மழையே இல்லாதபோது கறை எப்படித் திரும்ப வந்தது என்று எனக்கு அப்போது புரியவில்லை. ஒழுகும் தண்ணீர் வெறும் தண்ணீராக இறங்குவதில்லை. எங்கள் மொட்டை மாடியில் பக்கத்து வேப்பமரத்தின் இலை வருடம் முழுவதும் விழுந்து, குழாய் வாயில் ஊறிக் கிடக்கும். அந்தச் சாறு, தட்டோட்டுக்குக் கீழே இருக்கும் செங்கல் ஜல்லியின் தூசி, சுண்ணாம்பு, உப்பு எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டுதான் தண்ணீர் கீழே வருகிறது. சீலிங்கில் ஈரம் பரவி நிற்கும் விளிம்பில்தான் அதிகம் காய்கிறது. அதனால் கரைந்து வந்ததெல்லாம் விளிம்பில் படிகிறது. நடுப்பகுதி வெளிறியும் ஓரம் அடர்ந்தும் வளையமாகத் தெரிவது அதனால்தான். மேசையில் சிந்திய காபித் துளி காய்ந்தால் ஓரத்தில் விழும் வட்டம் மாதிரியே. எங்கள் சீலிங்கில் ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வளையங்களை எண்ண முடிந்தது. நான்கு பெரிய மழைகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீரில் கரைந்து வந்த கறை, மறுபடி தண்ணீர் பட்டால் மறுபடி கரையும். பட்டி, தண்ணீர் பிரைமர், எமல்ஷன் மூன்றுமே தண்ணீரில் கலந்தவை. ஒவ்வொரு கோட்டும் காயும்போது அதிலிருக்கும் தண்ணீர் கீழேயிருந்து கறையைக் கரைத்து மேலே இழுத்துக்கொண்டு வருகிறது. பத்துக் கோட் அடித்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறத்தான் செய்யும்.

மார்ச்சில் முதல் வேலை மேலே. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழாய் வாயைச் சுற்றி மயிரிழை அளவுக்கு ஒரு இடைவெளி இருந்தது. கொத்தனார் அதைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்கு உடைத்தெடுத்து, சுருங்காத சிமென்ட் கலவை நிரப்பி, மேலே ஃபைபர் வலை வைத்து வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் இரண்டு முறை அடித்தார். அது நன்றாகக் காய்ந்த பிறகு, குழாய் வாயைச் சாக்கு வைத்து அடைத்து, அந்தப் பகுதியைச் சுற்றி மண்ணால் சின்ன வரப்பு கட்டி, இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினோம். ஒரு முழு நாள்.

தண்ணீர் நிறுத்துவதற்கு முன்னால் கீழே ஒரு காரியம் செய்தேன். கறையின் வெளி விளிம்பை ஒட்டிப் பென்சிலால் ஒரு கோடு வரைந்து, பக்கத்தில் தேதி எழுதினேன். பென்சில்தான் வேண்டும். பால்பாயின்ட் பேனாவோ மார்க்கரோ கூடாது, அந்த மையும் கறை மாதிரியே பெயின்ட்டைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். மறுநாள் ஈரம் கோட்டைத் தாண்டவில்லை. ஒரு வாரம் கழித்தும் தாண்டவில்லை. மேலே ஒழுக்கு நின்றுவிட்டது என்று அதற்கப்புறம்தான் நம்பினேன்.

இந்த இடத்தில்தான் பொங்கலின்போது செய்த தவறை மறுபடி செய்திருப்போம். ஒழுக்கு நின்றுவிட்டதே, பெயின்டரைக் கூப்பிடலாம் என்றுதான் தோன்றியது. இந்த முறை வந்தவர் முப்பது வருடமாக இந்த வேலை பார்ப்பவர். சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இப்ப அடிக்காதீங்க. காங்கிரீட்டு தண்ணியக் குடிச்சு வச்சிருக்கு. முதல்ல தோலை உரிச்சுப் போட்டுட்டு வெயில் காலம் முழுக்க விடுங்க" என்றார்.

"எவ்வளவு நாளுக்கு அண்ணே?"

"அது நீங்க சொல்ல முடியாது, நான் சொல்ல முடியாது. அதுதான் சொல்லணும்" என்று மேலே காட்டினார்.

அவர் சொன்ன வரிசை முக்கியம். காயவிட்டு அப்புறம் சுரண்டுவது அல்ல. சுரண்டிவிட்டு அப்புறம் காயவிடுவது. எமல்ஷன் படலம் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். மேல்தளம் தட்டோட்டால் மூடியிருக்கிறது, ஆக ஸ்லாப் மூச்சு விட ஒரே வழி கீழ்ப்பக்கம்தான். அதையும் பெயின்ட் அடைத்துக்கொண்டிருந்தால் மாதக்கணக்கில் காயாது.

சுரண்டுவதற்கு முன் அந்த அறையின் மின் இணைப்பை எம்.சி.பி.யில் நிறுத்தினேன். ஸ்லாப்புக்குள் போகும் ஒயர் பைப் வழியாகத் தண்ணீர் ஃபேன் மாட்டும் இடம் வரை போய்ச் சேர்வது உண்டு. கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க். சீலிங் வேலையில் சுண்ணாம்புத் தூள் நேராகக் கண்ணில்தான் விழும்.

நான்கு அங்குலப் பட்டி பிளேடைச் சாய்த்துப் பிடித்து, தளர்ந்த இடத்தின் நடுவிலிருந்து வெளியே நோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். முதலில் கையளவு துண்டு ஒன்று முழுசாக வந்தது. அதைத் திருப்பிப் பார்த்தேன். உரிந்த பெயின்ட்டின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் நமக்கு நிறையச் சொல்லும். பின்பக்கம் வழவழப்பாக இருந்தால், பழைய பெயின்ட்டைத் தேய்க்காமல் அதன் மேல் அடித்திருக்கிறார்கள் என்று பொருள். சாம்பல் நிறத்தில் மணல் மணலாக ஒட்டியிருந்தால் பூச்சே உதிர்கிறது, பெயின்ட் வேலையோடு முடியாது. எங்கள் துண்டின் பின்பக்கம் மாவு பூசியதுபோல வெள்ளையாக இருந்தது. விரலால் தொட்டால் ஒட்டியது.

அந்த வெள்ளைத் தூள் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். பழைய காலத்து வெள்ளையடிப்பின் சுண்ணாம்பு, அல்லது ஈரத்தோடு வந்து பூத்த உப்பு. ஒரு ஸ்பூன் தூளை அரை டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கி வைத்தேன். பூத்த உப்பு பெரும்பாலும் கரைந்துவிடும். சுண்ணாம்பு கரையாமல் தண்ணீரைப் பாலாக்கி, அப்புறம் அடியில் தங்கும். அறையின் நடுப்பக்கத்துத் துண்டிலிருந்து எடுத்தது முழுக்க அடியில் தங்கியது. மூலையில், குழாய்க்கு நேர் கீழே எடுத்தது பாதிக்கு மேல் கரைந்தது. ஆக இரண்டுமே இருந்தன. அப்பா வீடு கட்டியபின் ஏழெட்டு வருடம் பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்புதான் அடித்தார்கள். அதன் மேலேயே பின்னால் எமல்ஷன் ஏறியிருக்கிறது. காய்ந்திருந்தவரை பிடித்துக்கொண்டிருந்தது, நனைந்ததும் விட்டுவிட்டது.

தூள் எது என்று தெரிந்துகொண்டதற்குக் காரணம் இருக்கிறது. வெறும் சுண்ணாம்பாக இருந்தால் ஈர ஸ்பாஞ்சால் நனைத்துச் சுரண்டலாம், லேசாக வரும், தூசியும் பறக்காது. உப்பு பூத்த இடத்தில் தண்ணீரே படக்கூடாது. தண்ணீர் பட்டால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, காயும்போது மறுபடி பூக்கும். அந்த மூலையை உலர்ந்த பிரஷ்ஷால் மட்டும் தேய்த்து, கீழே விழுந்த தூளைச் சீலிங்கில் திரும்ப ஒட்டாதபடி உடனே கூட்டி அள்ளினேன். அடுத்த மூன்று வாரத்தில் மறுபடி இரண்டு முறை பூத்தது. இரண்டு முறையும் பிரஷ் போட்டேன். மூன்றாவது முறை பூக்கவில்லை.

சுரண்டலை எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒரு சோதனை. மிச்சமிருக்கும் பெயின்ட்டின் ஓரத்தில் செலோ டேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுக்க வேண்டும். டேப்பில் பெயின்ட் துணுக்கோ வெள்ளைத் தூளோ வந்தால் இன்னும் போக வேண்டும். கண்ணுக்குத் தெரிந்த கறை மூன்றுக்கு இரண்டு அடி. டேப் சுத்தமாக வரும்வரை போனபோது ஐந்துக்கு நாலு அடியாக விரிந்துவிட்டது. மனசு கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் பொங்கலுக்கு அடித்த பட்டி எங்கே உரிய ஆரம்பித்தது என்று யோசித்தேன். சரியாக இந்த ஓரத்தில்தான்.

அடுத்து ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் பூச்சு முழுக்கத் தட்டிப் பார்த்தோம். நல்ல இடம் 'டக் டக்' என்று கெட்டியாகப் பேசும். பூச்சு ஸ்லாப்பை விட்டு விலகியிருந்தால் 'தொப் தொப்' என்று பொள்ளலாகக் கேட்கும். உள்ளங்கை அளவுக்கு ஒரே ஒரு இடம் அப்படி இருந்தது. சீலிங் பூச்சு பொதுவாக 6 மில்லிமீட்டர்தான் இருக்கும் என்பதால் உளியால் லேசாகத் தட்டியதுமே வந்துவிட்டது. உள்ளே காங்கிரீட் முழுசாக இருந்தது, கம்பி தெரியவில்லை. அது பெரிய நிம்மதி.

கம்பி துருவைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஒழுகல் கறை வட்டம் வட்டமாக, ஓரம் அடர்ந்து இருக்கும். கறை நேர்கோடாக, செம்பழுப்பில், ஒரு கோட்டுக்கும் அடுத்ததுக்கும் ஐந்தாறு அங்குல இடைவெளியில் ஓடினால் அது ஸ்லாப்புக்குள் கம்பி துருப்பிடிப்பது. துரு கம்பியைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், காங்கிரீட்டையே பிளந்து தள்ளும். அந்தக் கோட்டை ஒட்டி விரிசலும் பொள்ளல் சத்தமும் இருந்தால் பெயின்டரை அனுப்பிவிட்டுக் கட்டடப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். அதன் மேல் பட்டி பார்ப்பது ஆபத்தை மறைப்பது மட்டுமே.

எங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லாததால், பொள்ளல் இடத்தைக் கொத்தனாரே ஒட்டுப்பசை கலந்த சிமென்ட் பாலை முதலில் தடவி, ஒன்றுக்கு மூன்று கலவையால் பூசினார். ஒரு வாரம் தினம் இரண்டு முறை தண்ணீர் தெளித்தேன். இதை மார்ச்சிலேயே முடித்ததற்குக் காரணம், புதுச் சிமென்ட்டில் காரம் அதிகம். அது தணியாமல் ஆயில் பிரைமர் அடித்தால் எண்ணெய்ப் பசை சோப்பு மாதிரி ஆகிப் பிடிப்பு விட்டுவிடும். ஒரு மாதமாவது ஆற வேண்டும். சீலிங் எப்படியும் காய வேண்டியிருந்தது, இதுவும் கூடவே ஆறட்டும் என்று விட்டோம்.

ஏப்ரல் முதல் வாரத்தில் ஈரச் சோதனை. ஒன்றரை அடிச் சதுரத்தில் கனமான பாலிதீன் தாளை, கறையின் நடுவில் நான்கு பக்கமும் காற்று போகாதபடி டேப் போட்டு ஒட்டினேன். ஒரு நாள் விட்டுப் பிரித்தபோது தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. தொட்டுப் பார்த்தால் பூச்சு காய்ந்த மாதிரிதான் இருந்தது, ஆனாலும் உள்ளே ஈரம் இருந்திருக்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்து, பகலில் டேபிள் ஃபேனை மேல்நோக்கித் திருப்பி ஓட விட்டோம். ஏப்ரல் 20 வாக்கில் மறுபடி ஒட்டினேன். தாள் லேசாக மங்கியிருந்தது, துளி இல்லை. மே முதல் வாரத்தில் ஒட்டியது முழுக்க உலர்ந்து வந்தது, அடியில் இருந்த பூச்சின் நிறமும் சுற்றியிருப்பதைவிடக் கறுக்கவில்லை. சுரண்டிய நாளிலிருந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. சென்னையின் கோடையிலேயே ஏழு வாரம். மார்கழியில் அடித்த பெயின்ட் ஏன் நிற்கவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இதற்கப்புறம் நடந்தது பெயின்டர் வேலை. பெயின்ட்டின் விளிம்பு படி மாதிரி நிற்கும், அதைச் சரிவாக்க வேண்டும். 80 எண் உப்புத்தாளில் ஆரம்பித்து 120இல் முடித்தோம். அப்புறம் வெள்ளை சிமென்ட் பட்டி. ஒரு கிலோ பவுடருக்கு 350 முதல் 400 மில்லி தண்ணீர், கலக்கிப் பத்து நிமிடம் ஊறவிட்டு மறுபடி கலக்க வேண்டும். ஒரு கோட் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் இரண்டு கோட். இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஒரு இரவு. காய்ந்ததும் 180 எண் தாளால் தேய்த்து, இருட்டில் டார்ச்சைச் சீலிங்கை ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தோம். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடு பள்ளமெல்லாம் அதில் நிழல் விட்டுக் காட்டும்.

எதிர்பார்த்தபடியே பட்டியிலும் மஞ்சள் லேசாக ஏறியிருந்தது. கறையைத் தடுக்கும் பிரைமரைப் பட்டிக்கு முன்னாலேயே அடித்தால் என்ன என்று கேட்டேன். எண்ணெய்ப் படலத்தின் மேல் சிமென்ட் பட்டி சரியாகப் பிடிக்காது, பட்டிக்கு வெறும் பூச்சுதான் வேண்டும் என்றார் பெயின்டர் அண்ணன். அதனால் மஞ்சள் பட்டி வரை வரட்டும், அங்கே மறிப்போம் என்பது கணக்கு.

மறிப்பதற்கு வாங்கியது டர்பன்டைன் கலக்கும் சிமென்ட் பிரைமர், அரை லிட்டர். கடையில் வெறுமனே "சிமென்ட் பிரைமர்" என்று கேட்டால் தண்ணீர் கலப்பதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். டப்பாவில் எதைக் கலக்கச் சொல்லியிருக்கிறது என்று படித்துப் பார்த்து வாங்க வேண்டும். இந்தப் பிரைமரில் தண்ணீரே இல்லை, ஆகவே கறையைக் கரைக்காது. காய்ந்தபின் மேலே வரும் எமல்ஷனின் தண்ணீரையும் கீழே விடாது. மரவேலைக்காரர்கள் கணுவை மறைக்கப் பூசும் அரக்கும் இதே வேலையைச் செய்யும், ஆனால் அரக்கு காரத்தில் கரையக்கூடியது, சிமென்ட் பூச்சின் மேல் எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

கறையின் விளிம்பைத் தாண்டி நான்கு அங்குலம் வரை பிரஷ்ஷால் ஒரு கோட். நெடி கடுமையாக இருக்கும். ஜன்னல் எல்லாம் திறந்து, அன்று அந்தப் பக்கம் விளக்கோ ஊதுபத்தியோ ஏற்ற வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் இரண்டாவது கோட்.

பிரைமர் காய்ந்ததும் உடனே முழுச் சீலிங்கையும் அடிக்கவில்லை. கறை மிகவும் அடர்ந்திருந்த ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் எமல்ஷன் தடவி ஒரு இரவு விட்டோம். காலையில் ஆறு மணிக்கே போய்ப் பார்த்தேன். ஒரு இடத்தில் மட்டும், பழைய வளையங்களில் இரண்டு ஒன்றையொன்று தொட்ட புள்ளியில், கடுகளவுக்கு மஞ்சள் எட்டிப் பார்த்தது. அந்த இடத்தில் மூன்றாவதாகப் பிரைமர் தொட்டு வைத்து, இன்னொரு நாள் விட்டு, மறுபடி சோதித்தோம். வெள்ளையாகவே இருந்தது. முழுச் சீலிங்கையும் அடித்தபின் இதைக் கண்டுபிடித்திருந்தால் எல்லாவற்றையும் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும்.

கடைசியில் எமல்ஷன், சுவரிலிருந்து சுவர் வரை இரண்டு கோட். ஒட்டுப்போட்ட இடத்துக்கு மட்டும் அடித்தால் புதுசும் பழசும் வெள்ளையிலேயே வேறு வேறு வெள்ளையாகத் தெரியும். 120 சதுர அடிக்கு இரண்டு லிட்டர் போதுமானதாக இருந்தது. கடைசிக் கோட்டை ஜன்னலிலிருந்து வெளிச்சம் வரும் திசையிலேயே ரோலரை ஓட்டி முடித்தார் அண்ணன்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மூன்று நாள் விடாமல் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நடுவில் ஒருமுறை மழையிலேயே மேலே ஏறிக் குழாய் வாயில் அடைத்திருந்த வேப்பிலையை அள்ளிப் போட்டுவிட்டு வந்தேன். சீலிங் உலர்ந்திருந்தது. வளையம் வரவில்லை. காலை ஏழு மணிக்குக் கிழக்கு ஜன்னலில் வெயில் சாய்ந்து விழும்போது மட்டும், கதவுப் பக்கத்து ஓரத்தில் பட்டியின் விளிம்பு ஒரு மெல்லிய கோடாகத் தெரிகிறது. அந்தப் பக்கம் மட்டும் சரிவை இன்னும் ஒரு சாண் நீட்டித் தேய்த்திருக்க வேண்டும்.